படிகாரம் போன தடம்

கீரமங்கலத்தில் என் தோப்புக் கொட்டகைக்கு அச்சு வேலை பழக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வேலை நடக்கும்போது நான் சொல்வதில் பாதி உங்கள் காதில் விழுவதில்லை. ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்குப் பேச்சு ஏறாது. அதனால் ராத்திரியில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

எங்கள் குடும்பத்தில் யாரும் துணிக்கு அச்சு வைத்ததில்லை. அப்பாவுக்கு விவசாயம்தான். நான் இருபது வயதில் மசூலிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் உள்ள பெடனாவுக்குப் போய், ஒரு வீட்டில் பதினோரு வருஷம் மேசையருகே நின்று கற்றேன். அங்கே தெலுங்கில் கேட்டதைத்தான் இங்கே தமிழில் சொல்கிறேன்.

1. சாயத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் காரத்தைப் பற்றிக் கேளுங்கள்.

புதிதாக வருகிற எல்லோரும் முதலில் கேட்பது, "சிவப்பு எதிலிருந்து வருகிறது?" என்றுதான். வேரிலிருந்து வருகிறது. ஆனால் வேரை மட்டும் காய்ச்சி வெறும் பருத்தித் துணியை அதில் முக்கினால் ஒரு மங்கிய சாயை ஏறும், நாலு துவைப்பில் போய்விடும். பருத்தி அந்தச் சிவப்பைத் தானாகப் பிடித்து வைத்துக்கொள்ளாது. இடையில் ஒரு உலோக உப்பு நின்று ஒரு கையால் நூலையும் மறு கையால் சாயத்தையும் பிடிக்க வேண்டும். அதைத்தான் நாங்கள் காரம் என்கிறோம். பள்ளிப் புத்தகத்தில் நிறமூன்றி என்று இருக்கும்.

நம் வேலைக்கு இரண்டே காரம். ஒன்று படிகாரம், இன்னொன்று இரும்பு. ஒரே வேர்ச்சாயம் படிகாரம் பட்ட இடத்தில் சிவக்கும், இரும்பு பட்ட இடத்தில் கறுக்கும். இரண்டையும் கலந்து வைத்த இடத்தில் காப்பிக்கொட்டை நிறம் வரும். எதுவும் படாத இடத்தில் சாயம் ஒட்டாமல் நின்று, பிறகு வெளுத்துவிடும். ஆகவே அச்சுக்கட்டையால் நாம் வைப்பது சிவப்பு அல்ல, சிவப்பு வந்து உட்காரப் போகும் இடம். கொடியும் பூவும் படிகாரத்தில் வரையப்பட்டு, கண்ணுக்குத் தெரியாமல் துணியில் காத்திருக்கும். அண்டாவில் போட்ட பிறகுதான் தெரியவரும்.

கிறிஸ்துவுக்குப் பிந்தைய முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி இதே வேலையை எகிப்தில் நடப்பதாக எழுதிவைத்திருக்கிறார். நிறமில்லாத எதையோ துணியில் தீட்டி ஒரே கொப்பரையில் முக்குகிறார்கள், எடுக்கும்போது பல நிறம் வருகிறது என்று அவருக்கு வியப்பு. முதல் நாள் அண்டாவைத் திறந்து பார்த்தபோது எனக்கும் அதே வியப்புதான் வந்தது.

2. கஞ்சி போகாத துணியில் எதையும் தொடங்காதீர்கள்.

தறியிலிருந்து வரும் துணியில் பாவுக் கஞ்சி இருக்கும். மில் துணியிலும் இருக்கும். கஞ்சி இருந்தால் காரம் நூலைத் தொடாமல் கஞ்சியில் உட்காரும், கஞ்சி கழுவப்படும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். பெடனாவில் மாட்டுச் சாணிக் கரைசலில் ஒரு ராத்திரி ஊறவைத்து, அடித்துத் துவைத்து, வெயிலில் விரித்துத் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் காயவிடுவார்கள். நான் அதன்பின் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவும் வைக்கிறேன்.

முடிந்ததா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். விட்டவுடன் உறிஞ்ச வேண்டும். முத்தாக உருண்டு நின்றால் மறுபடி சோடாவில் போடுங்கள். சந்தேகமாக இருந்தால் காயத்துக்குப் போடும் அயோடினில் ஒரு துளி ஓரத்தில் வையுங்கள், நீலமானால் கஞ்சி இன்னும் இருக்கிறது.

3. கடுக்காய்க்கு இரண்டு வேலை. இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு கிலோ துணிக்கு இருநூறு கிராம் கடுக்காய்த் தூள். கொட்டை நீக்கி இடித்ததாக இருக்க வேண்டும். ராத்திரியே தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வடிகட்டி, துணி தாராளமாகப் புரளும் அளவுக்குத் தண்ணீர் சேர்த்து, அரை மணி நேரம் புரட்டி, பிழிந்து, வெயிலில் ஒரே பக்கமாகக் காயப்போடுங்கள். துணி வெளிறிய மஞ்சளாகும். கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஏறி நின்று, பின்னால் வரும் படிகாரத்தையும் இரும்பையும் பிடித்துக்கொள்ளும். எழுதுகோலால் கலம்காரி எழுதுபவர்கள் இதோடு எருமைப்பாலும் சேர்ப்பார்கள். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். நமக்குப் பசை கெட்டியாக இருப்பதால் பால் வேண்டியதில்லை.

இரண்டாவது வேலை சோதனை. கடுக்காய்த் தண்ணீரில் இரும்பு எங்கே பட்டாலும் கறுக்கும். இதை வைத்து உங்கள் வேலையில் பாதிக் குற்றங்களை முன்கூட்டியே பிடித்துவிடலாம். புதுக் கிணற்றுத் தண்ணீர் வந்தால் ஒரு டம்ளரில் எடுத்து இரண்டு கரண்டி கடுக்காய்த் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சாம்பல் நிறமோ கருநீலமோ தட்டினால் அதில் இரும்பு இருக்கிறது, உங்கள் சிவப்பு மங்கிக் காவியாகப் போகும். கடையில் வாங்கிய படிகாரத்தையும் கரைத்து அப்படியே பாருங்கள். தண்ணீர் நல்லதா, படிகாரம் நல்லதா, வாளி நல்லதா என்று என்னிடம் கேட்க வேண்டாம், கடுக்காயிடம் கேளுங்கள்.

கடுக்காய் போட்ட துணியை இரும்புக் கம்பியில் காயப்போட்டால் கம்பி பட்ட இடமெல்லாம் கறுப்புக் கோடு விழும், அது போகாது. கொட்டகையில் நைலான் கயிறு மட்டும் கட்டியிருப்பதற்குக் காரணம் அதுதான்.

4. இரும்புக் காடியை அவசரப்படுத்தாதீர்கள். அளவு மீறவும் விடாதீர்கள்.

மண்பானையில் பத்து லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ வெல்லம், ஒன்றரைக் கிலோ பழைய ஆணியும் லாடமும். வாயைத் துணியால் கட்டி நிழலில் வையுங்கள். வெயில் காலத்தில் பதினைந்து நாள், மழைக் காலத்தில் இருபத்தைந்து நாள் கூட ஆகும். முதலில் நுரைத்துப் பொங்கும், கள் மணம் வரும், பிறகு புளித்த மணம் வரும். நுரை அடங்கிய பிறகு ஒரு துளியைக் கடுக்காய்த் துணியில் வைத்துப் பாருங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்க வேண்டும். பழுப்பாகவே நின்றால் இன்னும் ஆகவில்லை. ஆனதும் வடிகட்டி, புளியங்கொட்டை மாவு போட்டுக் காய்ச்சிக் கெட்டியாக்கினால் அச்சுக்கு ஆகும்.

கறுப்பு இன்னும் ஆழமாக வேண்டும் என்று சிலர் இரும்பைக் கூட்டுவார்கள். அன்னபேதி உப்பை அள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. வேண்டாம். இரும்பு அதிகமானால் நூலையே அரிக்கும். அருங்காட்சியகத்தில் பழைய சீட்டித் துணி பார்க்க வாய்ப்பு வந்தால் கறுப்புக் கோடுகளை உற்றுப் பாருங்கள். சிவப்புப் பூ அப்படியே இருக்க, அதைச் சுற்றிய கோடு மட்டும் பொடிந்து ஓட்டையாகக் கிடக்கும். இருநூறு வருஷத்துக்குப் பிறகு நடப்பது நம் கணக்கில் வராது என்று நினைக்காதீர்கள். அளவு மீறினால் இரண்டே வருஷத்தில் போர்வையில் அது நடக்கும்.

5. படிகாரப் பசைக்குக் கொஞ்சம் காவி கலந்துகொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் நூறு கிராம் படிகாரம். ஆறிய பிறகு ஊறவைத்து வடிகட்டிய பிசினைச் சேர்த்து, கரண்டியிலிருந்து தேன் மாதிரி ஒழுகும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்படியே அச்சு வைத்தால் வைத்தது தெரியாது, அடுத்த அச்சை எங்கே சேர்ப்பது என்று திண்டாடுவீர்கள். பசைக்கு நிறம் காட்டத்தான் ஒரு சிட்டிகை காவி. ஆனால் காவிமண்ணிலேயே இரும்பு உண்டு. அது கரையாமல் துகளாக இருப்பதால் பெரும்பாலும் கழுவும்போது போய்விடும் என்றாலும் கை நிறையப் போடக் கூடாது. நான் காவியை விட்டு, பதிமுகக் கட்டையின் கஷாயத்தைக் கொஞ்சம் விடுகிறேன். நீங்கள் இரண்டையும் செய்து பாருங்கள்.

புது அச்சுக்கட்டையை ஒரு வாரம் எண்ணெயில் ஊறவைத்த பிறகே எடுங்கள். இல்லாவிட்டால் ஈரம் குடித்து முதல் மாதத்திலேயே கோடு விரியும். பசைத் தட்டில் கம்பளித் துண்டும் மேலே மெல்லிய துணியும் போட்டு, அவை நனையும் அளவுக்கு மட்டும் பசை விடுங்கள். அச்சை வைத்ததும் முதுகில் உள்ளங்கையின் அடியால் ஒரே தட்டு. இரண்டாவது தட்டில் கட்டை நகரும், கோடு இரட்டையாகும். இதைச் சொல்லித் தர முடியாது. ஐநூறு தடவை வைத்தால் கைக்கே தெரியும்.

2018 நவம்பரில் கஜா புயல் வருவதற்கு முன் இந்தத் தோப்பில் தென்னை நிழலிலேயே துணி காயும். மரங்கள் போன பிறகு நேர் வெயிலில் காயப்போட்டேன். பசை அவசரமாக வறண்டு வெடித்து உதிர்ந்தது, உதிர்ந்த இடத்தில் காரம் நூலில் இறங்கவே இல்லை. அதற்கப்புறம்தான் இந்த நீளக் கொட்டகை. அச்சு வைத்த துணி முதல் நாள் நிழலில்தான் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் படிகார அச்சே வைக்காதீர்கள். காற்றின் ஈரத்தில் ஓரம் கசிந்துவிடும்.

6. அச்சுக்கும் அண்டாவுக்கும் நடுவில் ஒரு கழுவல் இருக்கிறது. துணி கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

அச்சு காய்ந்ததும் மூன்று நாளாவது துணியைச் சும்மா தொங்கவிடுங்கள். அந்த நாட்களில் படிகாரம் நூலிலும் கடுக்காய்த் துவர்ப்பிலும் ஊன்றிக்கொள்ளும். ஆனால் வைத்த படிகாரம் முழுவதும் ஊன்றாது. மிச்சம் பசையோடு மேலே கிடக்கும். அதைக் கழுவி அகற்ற வேண்டும். இது எளிதான வேலை போலத் தோன்றும்.

ஒரு கோடையில் முப்பது மேசை விரிப்புக்கு ஒரு வாடிக்கையாளர் முன்பணம் கொடுத்திருந்தார். வெள்ளை நிலத்தில் சிவப்புக் கொடி, கறுப்பு ஓரம். பெடனாவில் நாங்கள் ஓடும் கால்வாயில் கழுவுவோம். இங்கே மேற்பனைக்காட்டுப் பக்கம் கல்லணைக் கால்வாய் போகிறது, ஆனால் கோடையில் அதில் தண்ணீர் ஏது? சிமெண்டுத் தொட்டியை நிரப்பி, முப்பதையும் ஒன்றாகப் போட்டு அலசிப் பிழிந்தேன். தண்ணீரை ஒரு தடவை மாற்றவும் செய்தேன். பிறகு அண்டா. எடுத்துப் பார்த்தால் கொடி சிவப்பு, நிலமும் சிவப்பு! இளஞ்சிவப்பு, திட்டுத் திட்டாக. பத்து நாள் புல்லில் விரித்துத் தண்ணீர் தெளித்தும் வெளுக்கவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

சாயம்தான் கூடிவிட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகு வேரைச் சந்தேகப்பட்டேன். உண்மை தெரிந்தது சில துண்டுகளால். அந்தத் தடவை, பெடனாவில் கற்ற பழக்கத்தில், ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு விரிப்பின் ஓரத்திலிருந்து மூன்று விரல் அகலத் துண்டு வெட்டி, எண் எழுதி ஆணியில் மாட்டியிருந்தேன். அச்சு காய்ந்தபின் வெட்டிய துண்டை எடுத்துப் பம்புசெட் குழாயடியில் ஓடும் தண்ணீரில் நீளக் கழுவி, சிறு பாத்திரத்தில் அதே வேரில் காய்ச்சினேன். நிலம் வெளுத்து வந்தது. தொட்டியில் கழுவிய பின் வெட்டிய துண்டையும் அதே பாத்திரத்தில் காய்ச்சினேன். நிலம் சிவந்தது. வேர் ஒன்று, தண்ணீர் ஒன்று, சூடு ஒன்று. வேறுபட்டது கழுவல் மட்டும்தான்.

காரணத்தை யோசித்துப் பாருங்கள். துணி முழுவதும் கடுக்காய் ஏறியிருக்கிறது. கொடி இருக்கும் இடத்தில் மட்டுமல்ல, நிலத்திலும் அது படிகாரத்துக்காகக் காத்திருக்கிறது. நிற்கும் தண்ணீரில் துணியைப் போட்டால் கொடியிலிருந்து கழன்ற படிகாரம் தொட்டியில் கரைந்து, பக்கத்து நிலத்தில் போய் உட்காருகிறது. பிறகு அண்டாவுக்கு இரண்டும் ஒன்றுதான். ஓடும் தண்ணீரில் கழன்றது திரும்பி வராமல் போய்விடும். கழுவல் என்றால் அழுக்கு நீக்குவது என்று நினைத்திருந்தேன். கழன்ற படிகாரத்தை அது இறங்கும் முன்பே துணியைவிட்டுத் துரத்துவதுதான் இந்தக் கழுவல்.

இப்போது நான் செய்வது இது. முதலில் கை பொறுக்கும் சூட்டில் மாட்டுச் சாணிக் கரைசல். துணியை மெல்ல நனைக்காமல், விரித்தபடி ஒரே வீச்சில் உள்ளே தள்ளி, பத்து நிமிஷம் விடாமல் புரட்டுகிறேன். சாணியில் இருக்கும் பொருள்கள் கழன்ற படிகாரத்தையும் இரும்பையும் நிலத்தில் இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பாவில் அச்சுத் துணி ஆலைகள் வந்தபிறகும் பல காலம் இதற்கு மாட்டுச் சாணியைத்தான் வைத்திருந்தார்கள். பிறகு மோட்டாரைப் போட்டு, தொட்டியின் ஒரு பக்கம் தண்ணீர் விழ, மறுபக்கம் வழிந்து தென்னை வாய்க்காலுக்குப் போக, ஒரு துணிக்குப் பத்து நிமிஷம். ஒரு நேரத்தில் ஒரே துணி. மடிப்பு இருக்கக் கூடாது, மடிப்புக்குள் நிற்கும் தண்ணீரும் தொட்டிதான்.

துண்டு வெட்டி வைக்கும் பழக்கத்துக்கு நம் பக்கத்திலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 1734 வாக்கில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி புதுச்சேரியில் சீட்டி எழுதுபவர்களின் வேலையைக் கூடவே இருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டமாக எழுதி, அந்தந்தக் கட்டத்தின் துணியில் துண்டு வெட்டி ஒட்டிப் பாரிசுக்குக் கொண்டுபோனார். அந்தக் கையெழுத்துப் பிரதி துண்டுகளோடு இன்றும் பாரிசில் இருக்கிறது. அடுத்து 1742-இல் கேர்தூ என்ற ஏசுசபைப் பாதிரியார், சாயவேலை தெரிந்த கிறிஸ்தவர்களிடம் கேட்டு இதே செய்முறையைக் கடிதமாக எழுதி அனுப்பினார். கடுக்காயும் எருமைப்பாலும் அதில் வருகின்றன. அது அச்சு வேலை அல்ல, கையால் எழுதிய துணி. ஆனாலும் காரத்தின் வழி ஒன்றே. ஐரோப்பாவில் அச்சுக்கட்டை செதுக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், படிகாரமும் இருந்தது, ஆட்டுரோமத்துக்குச் சிவப்பு ஏற்றவும் தெரியும். பருத்தியில் காரத்தை எந்த வரிசையில் ஏற்றி எப்படிக் கழுவுவது என்பதற்குத்தான் புதுச்சேரியில் ஆள் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

7. வெள்ளை நிலம் கேட்டால் கூலியைக் கூட்டிச் சொல்லுங்கள்.

இதற்கும் பழைய கணக்கு உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து மலாய்த் தீவுகளுக்குப் போன துணிகளில் சிவப்பு ஓங்கி நிற்கும். அந்தத் துணியைக் கொடுத்துத்தான் வியாபாரிகள் அங்கே கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். நாகப்பட்டினத்தை 1658-இல் டச்சுக்காரர்கள் பிடித்ததற்கும் இந்தத் துணி வியாபாரம் முக்கியமான காரணம். ஆங்கிலேயருக்கு வேறு ரசனை. 1643-இல் லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள், நிலத்தை இன்னும் வெள்ளையாக விட்டு நடுவில் பூவும் கிளையும் வைத்து அனுப்புங்கள் என்று இந்தியாவுக்கு எழுதினார்கள். அவர்களுக்கு அது ஒரு வரி. வேலை செய்தவர்களுக்கு அது எத்தனை கழுவல், எத்தனை நாள் வெயில் என்பதை 6-ஆம் எண்ணைப் படித்த நீங்கள் ஊகிக்கலாம். சிவப்பு நிலத்தில் கழன்ற படிகாரம் ஒளிந்துகொள்ளும். வெள்ளை நிலம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த வெள்ளைத் துணி ஐரோப்பாவில் எவ்வளவு ஓடியது என்றால், தங்கள் நெசவாளர்களைக் காக்க பிரான்சு 1686-இல் இதைத் தடை செய்து 1759 வரை விடவில்லை. இங்கிலாந்தும் 1721-இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தக் கூடாது என்று சட்டமே போட்டது.

8. அண்டாவில் பொறுமை வேண்டும், சுண்ணாம்பும் வேண்டும்.

நம் கரையின் பழைய சிவப்பு சாயவேர். சித்த மருத்துவத்தில் இம்பூறல் என்பார்கள், அதே செடிதான். கடற்கரை மணலில் தரையோடு படர்ந்து, ஒல்லியான நீண்ட வேர் விடும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் டச்சுக்காரர்கள் இந்த வேரைத் தோண்டும் உரிமையைக் கையில் வைத்து வருமானம் பார்த்தார்கள். கிளிஞ்சல் கலந்த மணலில் விளைந்த வேர்தான் உயர்ந்தது என்று சாயக்காரர்கள் சொன்னது வெறும் நம்பிக்கை அல்ல. சிவப்பு முழுதாக வர படிகாரத்தோடு கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தும் சேர வேண்டும். மழைத் தண்ணீரில் மட்டும் காய்ச்சினால் செங்கலைப் போல மங்கலாக வரும். சுடாத கிளிஞ்சலை இடித்து, ஒரு கிலோ வேருக்கு இருபது கிராம் போடுங்கள். வெற்றிலைக்குப் போடும் சுட்ட சுண்ணாம்பு வேண்டாம், அதன் காட்டம் சாயத்தை ஊதாப் பக்கம் இழுத்துவிடும்.

செப்பு அண்டாதான் நல்லது, எவர்சில்வரும் ஆகும், இரும்பு ஆகவே ஆகாது. துணியின் எடைக்குச் சம எடை வேர்த்தூள். வெதுவெதுப்பில் துணியை இறக்கி, அரை மணி கை பொறுக்கும் சூட்டில் வைத்து, பிறகு ஒரு மணி நேரத்தில் மெல்ல ஏற்றுங்கள். கழியால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும், மிதக்கும் இடத்தில் திட்டு விழும். சாயவேர் கடைசியில் கால் மணி கொதித்தால் தாங்கும். சாயவேர் கிடைக்காமல் மஞ்சிட்டி போட்டால் கொதிக்கவிடாதீர்கள், பழுப்படித்துவிடும். அதன் சிவப்பும் கொஞ்சம் ஆரஞ்சு சாய்ந்தே இருக்கும்.

எடுத்ததும் நிலம் அழுக்கு இளஞ்சிவப்பாகத் தெரியும், பயப்படாதீர்கள். கழுவல் சரியாக இருந்தால் அது ஒட்டாத சாயம். சாணிக் கரைசலில் ஒரு ராத்திரி, பிறகு புல்லில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்து நாலைந்து நாள். தினமும் வெளுத்துக்கொண்டே வரும்.

சாயவேரில் சிவப்பு தரும் முக்கியப் பொருளின் பெயர் அலிசரின். 1868-இல் ஜெர்மனியில் கிரேபெயும் லீபர்மானும் அதைத் தாரிலிருந்து கிடைத்த பொருளில் செய்துவிட்டார்கள். சில வருஷங்களில் வேருக்கு விலை இல்லாமல் போனது. பெடனாவில் நான் கற்றதும் பாக்கெட்டில் வந்த அலிசரினில்தான், காரமும் கழுவலும் அப்படியே இருந்தன. அலிசரின் போடுவதில் குற்றமில்லை. அலிசரின் போட்டுவிட்டு வேர்ச்சாயம் என்று விலை சொல்வதுதான் குற்றம். அதை என் கொட்டகையின் பெயரில் செய்ய விடமாட்டேன்.

9. பூக்கடையில் மிஞ்சியதைக் கொண்டுவந்து அண்டாவில் கொட்டாதீர்கள்.

நம் ஊர்ப் பூ மண்டியைப் பார்த்துவிட்டு வரும் எல்லோருக்கும் இந்த ஆசை வருகிறது. கண்ணுக்கு நிறமாக இருப்பதெல்லாம் துணிக்குச் சாயம் ஆகாது. செண்டுமல்லி ஆகும், படிகாரத்தோடு நல்ல மஞ்சள் தரும். வீட்டு மஞ்சள் அதைவிடப் பளிச்சென்று ஏறும், ஆனால் வெயிலில் நிற்காது. எதையும் நம்புவதற்கு முன் சாயமேற்றிய துண்டின் பாதியை அட்டையால் மூடிப் பத்து நாள் வெயிலில் வையுங்கள். அட்டையை எடுத்ததும் நடுவில் கோடு தெரிந்தால் அந்தச் சாயத்தை விலைக்குப் போகும் துணியில் போடாதீர்கள்.

10. நீலத்தைச் சிவப்போடு சேர்த்துப் படிக்காதீர்கள்.

அவுரிக்குக் காரம் தேவையில்லை. அது புளிக்கவைத்த தொட்டியில் கரைந்து, காற்றுப் பட்டதும் நூலுக்குள்ளேயே நீலமாகும். அதற்கு மெழுகும் தனித் தொட்டியும் வேண்டும். சிவப்பு வெள்ளையில் ஒரு வருஷம் போன பிறகு வாருங்கள்.

11. சாயவேரை நட்டுவிடுங்கள்.

கிழக்குப் பாத்தியில் இரண்டு வண்டி ஆற்று மணலும் ஒரு மூட்டை கிளிஞ்சல் பொடியும் கொட்டிவைத்திருக்கிறேன். விதை மிகப் பொடியானது, கையில் எடுத்தால் தூசி மாதிரி இருக்கும். அதனால் பத்து மடங்கு மணலோடு கலந்து தூவுங்கள், மேலே மண் போட்டு மூடாதீர்கள், பூவாளியால் மட்டும் தண்ணீர் விடுங்கள். முளைத்த பிறகு களையோடு சேர்த்துப் பிடுங்கிவிடுவீர்கள், முதல் மாதம் களை எடுக்கும் வேலையை எனக்கு விட்டுவிடுங்கள். வேர் தோண்ட இரண்டு வருஷம் ஆகும். விதை கொட்டகைச் சுவரில் தொங்கும் தகர டப்பாவில் இருக்கிறது.